சளி பிடித்திருக்கும்போது ஃப்ளூ ஊசி போடலாமா?



கோயம்புத்தூரில் குடியிருக்கும் ஒரு சகோதரி இம்மாதம் எழுதியிருக்கிறார். அவருடைய சொந்த ஊர் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறைக்கு அருகில் உள்ளது. பிள்ளைகளின் விடுமுறை வேதாகமப் பள்ளிக்காக மே மாதம் ஊருக்குப் போய், ஜூன் மாதப் பள்ளித் திறப்புக்குத் திரும்புவது அவர்கள் வழக்கம். சென்ற ஆண்டு மழைக்காலத்தில் மாமியாருக்கு ஃப்ளூ காய்ச்சல் வந்து, சர்க்கரை ஏறி, பத்து நாள் படுக்கையில் கிடந்தபடியால், இந்த முறை புறப்படும் முன்னரே வீட்டார் எல்லாருக்கும் ஊசி போட்டுவிடத் தீர்மானித்திருக்கிறார்கள். ஆனால் மாமியாருக்கு அன்றைக்குப் பார்த்து மூக்கில் நீர் வடிந்தது. "சளி முழுவதும் போன பிறகு கூட்டிக்கொண்டு வாருங்கள்" என்று ஒரு கிளினிக்கில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். நான்கு நாள் கழித்து வேறொரு மருத்துவரிடம் போனபோது, இருமல் இன்னும் இருந்தும், அவர் நாலு கேள்வி கேட்டுவிட்டு ஊசியைப் போட்டுவிட்டார். "இருவரில் யார் சொன்னது சரி? போட்டது தவறாகிவிடுமோ?" என்பது சகோதரியின் கேள்வி.

இரண்டாவது மருத்துவர் செய்தது சரி. முதல் கிளினிக்கில் சொன்னதும் கற்பனையில் பிறந்ததல்ல. ஃப்ளூ ஊசி மருந்துப் பெட்டிகள் பலவற்றில் மடித்து வைத்திருக்கும் தாளில், காய்ச்சலோ கடுமையான தொற்றோ இருப்பவர்களுக்கு ஊசியைத் தள்ளிவைக்க வேண்டும் என்று அச்சிட்டிருக்கும். அதை அப்படியே பின்பற்றுகிறவர்கள் தும்மினாலே திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். ஆனால் தடுப்பூசி பற்றி ஆராய்ந்து நெறிமுறை வகுக்கும் குழுக்கள் இதை இன்னும் நுணுக்கமாகப் பிரித்துச் சொல்லியிருக்கின்றன. அமெரிக்காவின் தடுப்பூசி ஆலோசனைக் குழு, இலேசான நோய் இருந்தால், காய்ச்சலுடன் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஊசியைத் தள்ளிவைக்க வேண்டியதில்லை என்கிறது. நடுத்தரமான அல்லது கடுமையான நோய் இருந்தால் மட்டும் பொறுத்திருக்கச் சொல்கிறது. குழந்தைகளுக்கான தடுப்பூசிகளைப் பற்றி உலக சுகாதார நிறுவனம் வகுத்த பழைய விதியிலும், 38.5 டிகிரி செல்சியசுக்குக் குறைந்த காய்ச்சலோடு கூடிய சளியும் வயிற்றுப்போக்கும் ஊசியை நிறுத்தக் காரணமல்ல என்றே இருக்கிறது. நம் வீட்டுத் தெர்மாமீட்டர் கணக்கில் அது 101 டிகிரிக்குச் சற்று மேல். பிரிட்டனில் கொஞ்சம் இறுக்கமாக, காய்ச்சலோ உடல் முழுவதும் வாதையோ இல்லாத சிறு நோய்க்குத் தள்ளிவைக்க வேண்டாம் என்கிறார்கள். வெறும் சளிக்காகத் தள்ளிவைக்க வேண்டாம் என்பதில் எல்லாரும் ஒன்றுபடுகிறார்கள். இலேசான காய்ச்சலில்தான் சிறிது கருத்து வேறுபாடு உண்டு.

ஊசியினால் சளி முற்றிவிடும் என்ற பயம் நம் வீடுகளில் பரவலாக இருக்கிறது. ஊசிக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டால் இந்தப் பயம் தானாகவே குறையும். கையில் போடும் ஃப்ளூ ஊசியில் உயிருள்ள கிருமி இல்லை. கிருமியைக் கொன்று, சிதைத்து, அதன் மேலுறையிலுள்ள புரதங்களை எடுத்துத்தான் மருந்தாக்குகிறார்கள். ஆகையால் அது உடலுக்குள் பெருகவும் முடியாது, ஃப்ளூவை உண்டாக்கவும் முடியாது. சளிக் கிருமியோடு போராடிக்கொண்டிருக்கும் உடல் இந்தப் புரதத்தையும் அடையாளம் கண்டு, அதற்கெதிரான சக்தியை உண்டாக்கிக்கொள்கிறது. நம் உடல் ஒவ்வொரு நாளும் பல கிருமிகளை ஒரே நேரத்தில் சந்திப்பதுதானே?

சளி இருக்கும்போது போட்டால் ஊசி பலிக்காது என்ற எண்ணத்துக்கும் ஒரு மூலம் உண்டு. 1991ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தட்டம்மை ஊசியைப் பற்றி வெளியான ஓர் ஆய்வில், சளியோடு ஊசி பெற்ற குழந்தைகளில் கணிசமானோருக்கு எதிர்ப்புச் சக்தி உண்டாகவில்லை என்று கண்டார்கள். பலர் அதைக் கேட்டுக் கலங்கினார்கள். ஆனால் பின்னால் நடந்த ஆய்வுகளில் அப்படிப்பட்ட வேறுபாடு தென்படவில்லை. அதுவும் தட்டம்மை ஊசி உயிருள்ள மருந்து. ஃப்ளூ ஊசி அப்படியல்ல. ஆகையால் அந்தப் பழைய செய்தியை வைத்துக்கொண்டு ஃப்ளூ ஊசியைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

மூக்கடைப்பு முக்கியமாகிற இடம் ஒன்று உண்டு. மூக்கில் தெளிக்கும் ஃப்ளூ மருந்து உயிருள்ள, வலுக்குறைந்த கிருமியால் ஆனது. 2009ஆம் ஆண்டு பன்றிக்காய்ச்சல் பரவியபின், 2010ஆம் ஆண்டில் புனேயிலுள்ள சீரம் நிறுவனம் நாசோவாக் என்ற பெயரில் அப்படியொரு மருந்தை நம் நாட்டில் வெளியிட்டது. மூக்கு அடைத்திருந்தால் தெளிக்கும் மருந்து உள்ளே சரியாகச் சென்று படியாது. ஆகையால் அதற்கு அடைப்பு நீங்கும்வரை காத்திருப்பதே முறை. கையில் போடும் ஊசிக்கும் மூக்குக்கும் சம்பந்தமில்லை.

அப்படியானால் காய்ச்சல் அதிகமாக இருக்கும்போது மட்டும் ஏன் பொறுத்திருக்கச் சொல்கிறார்கள்? ஊசி அந்த நேரத்தில் விஷமாக மாறிவிடும் என்பதற்காக அல்ல. ஃப்ளூ ஊசி போட்ட சிலருக்கு ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் இலேசான காய்ச்சலும் உடல்வலியும் தோன்றி, ஒன்றிரண்டு நாள் இருந்துவிட்டுப் போகும். ஏற்கெனவே காய்ச்சலில் இருப்பவருக்கு ஊசியைப் போட்டுவிட்டால், மறுநாள் காய்ச்சல் ஏறும்போது அது ஊசியினால் வந்ததா, நோய் முற்றுகிறதா என்று வீட்டாருக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. "ஊசி போட்ட சூடுதான், இரண்டு நாளில் தணிந்துவிடும்" என்று வீட்டில் இருத்திவிடுவார்கள். அந்த இரண்டு நாள் சில நோய்களில் மிகவும் விலையேறியது.

நம் எல்லைப் பகுதிகளுக்கு இது மிகவும் பொருந்தும். இடவப்பாதி மழை தொடங்கிவிட்டால் பாலக்காட்டிலும் இடுக்கியிலும் வருகிற காய்ச்சல் எல்லாம் ஃப்ளூ அல்ல. சேற்று வயலில் இறங்கியவருக்கும் கால்நடைத் தொழுவத்தைக் கழுவியவருக்கும் எலிக்காய்ச்சல் வரலாம். திடீரெனக் கடுங்காய்ச்சல், கெண்டைக்கால் தசையைத் தொட்டாலே வலி, கண் சிவப்பு ஆகியவை அதன் அடையாளங்கள். பின்பு கண் மஞ்சளாவதும் சிறுநீர் குறைவதும் ஆபத்தின் அடையாளங்கள். டெங்குவில் கண்ணுக்குப் பின்னால் குத்துவலியும் மூட்டுவலியும் இருக்கும். காய்ச்சல் விடுகிற நாளில்தான் ஆபத்து அதிகம். மலையோரப் புதர்களில் நடமாடுகிறவர்களுக்கு வரும் உண்ணிக்காய்ச்சலில், பூச்சி கடித்த இடத்தில் தீப்பட்டதுபோல் ஒரு கறுத்த பொருக்கு சிலருக்குக் காணப்படும். இவற்றில் எலிக்காய்ச்சலுக்கும் உண்ணிக்காய்ச்சலுக்கும் தகுந்த மருந்தை விரைவில் தொடங்குவதே உயிர் காக்கும் வழி. மூக்கில் நீரோ தும்மலோ இல்லாமல் காய்ச்சல் மட்டும் வந்திருந்தால், எவ்வளவு இலேசாக இருந்தாலும், அதன் காரணத்தைத் தெரிந்துகொள்ளாமல் ஊசி போடச் செல்லாதிருப்பது நல்லது என்பது என் எண்ணம். நெறிமுறைப் புத்தகங்கள் இவ்வளவு கண்டிப்பாகச் சொல்வதில்லை. ஆனால் அவற்றை எழுதியவர்கள் நம் மழைக்காலத்தை மனதில் வைத்து எழுதவில்லை.

இலேசான நோய், கடுமையான நோய் என்று வீட்டிலேயே எப்படிப் பிரித்தறிவது? தெர்மாமீட்டர் ஒரு பாதி உதவிதான் செய்யும். அக்குளில் வைத்து அளந்தால் வாயில் அளப்பதைவிட அரை முதல் ஒரு டிகிரி வரை குறைத்துக் காட்டும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மற்றப் பாதியை ஆளைப் பார்த்துத்தான் அறிய வேண்டும். மூக்கொழுகல், தொண்டைக் கரகரப்பு, இலேசான இருமல், 100 டிகிரி அளவில் சூடு. ஆனாலும் வழக்கம்போல் சாப்பிடுகிறார், நடமாடுகிறார், பிள்ளையானால் விளையாடுகிறது என்றால் அது இலேசான நோய். சூடு 101ஐத் தாண்டியது, குளிர் நடுக்கம், எழுந்து நடக்க முடியாத சோர்வு, மூச்சு இரைப்பு, நெஞ்சில் விசில் சத்தம், ஓயாத வாந்தி, இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்று ஊசி வேண்டாம். அன்று வேண்டியது மருத்துவரின் பரிசோதனை.

இங்கே நம்மவர்கள் செய்யும் ஒரு காரியத்தைச் சொல்லாமல் விட முடியாது. தூரம் பயணம் செய்து போகிறோமே, திருப்பி அனுப்பிவிடக் கூடாதே என்று, வீட்டிலேயே ஒரு பாரசிட்டமால் மாத்திரையை விழுங்கிவிட்டுப் போகிறார்கள். கிளினிக்கில் அளக்கும்போது 98.6 காட்டும். இரவில் மாத்திரையின் வேகம் தணிந்ததும் 102 ஏறும். பழி ஊசியின்மேல் விழும். மாத்திரை சாப்பிட்டிருந்தால், எத்தனை மணிக்கு என்பதோடு சொல்லிவிடுங்கள். ஊசி போட்டபின் வலியோ சூடோ தாங்க முடியாமல் இருந்தால் மாத்திரை சாப்பிடுவதில் தவறில்லை. முன்கூட்டியே சாப்பிட்டுவைப்பதுதான் வேண்டாதது.

இலேசான சளிக்காகத் தள்ளிவைப்பதால் என்ன நஷ்டம், ஒரு மாதம் கழித்துப் போட்டுக்கொள்ளலாமே என்று கேட்கலாம். நஷ்டம் காலக்கணக்கில் இருக்கிறது. ஊசி போட்டபின் எதிர்ப்புச் சக்தி உருவாக ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். கேரளத்தில் ஜூன் தொடக்கத்தில் மழை இறங்கியதும் ஃப்ளூவும் பெருகத் தொடங்கும். ஆகையால் ஏப்ரல் பிற்பாதியும் மே மாதமுமே அங்கே ஊசிக்கு ஏற்ற காலம். அந்த ஆண்டுக்கான புதிய மருந்து நம் நாட்டுக் கடைகளுக்கு வருவதும் பெரும்பாலும் அந்தச் சமயத்தில்தான். மே கடைசி வாரத்தில் ஒருவரைத் திருப்பி அனுப்பினால், அவர் மழைக்கு முன் பாதுகாப்புப் பெறுவது அரிது. அதோடு, திருப்பி அனுப்பப்பட்டவர்களில் பலர் மறுபடி வருவதேயில்லை. வட்டவடையிலிருந்து மூணாறுக்கு 40 கிலோமீட்டருக்கு மேல் மலைப்பாதை. ஒருநாள் கூலி போகும், வண்டிச் செலவு வேறு. மறையூரிலிருந்து உடுமலைப்பேட்டைக்கோ, குமுளியிலிருந்து கம்பத்துக்கோ இறங்கி வருகிறவருக்கும் இதே நிலைதான். "அடுத்த வாரம் வாருங்கள்" என்ற வார்த்தை அவருக்கு "அடுத்த வருஷம் வாருங்கள்" என்பதாகவே முடிகிறது.

சென்னையில் குடியிருக்கும் வாசகர்களுக்குக் கணக்குச் சற்று மாறும். சென்னை, வேலூர்ப் பக்கங்களில் ஐப்பசி மழையை ஒட்டி, அக்டோபர் நவம்பர் மாதங்களில் ஃப்ளூ உச்சத்துக்கு வருவதாக ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. மே மாதத்தில் காய்ச்சலாக இருந்து ஊசியைச் சில வாரம் தள்ளிப்போட்டால் அவர்களுக்குப் பெரிய நஷ்டமில்லை. ஆனால் ஜூன் ஜூலையில் ஊருக்குப் போகிறவராயிருந்தால், போகிற ஊரின் மழையைத்தான் பார்க்க வேண்டும், இருக்கிற ஊரின் மழையை அல்ல.

இப்போது சகோதரியின் வீட்டாரை ஒவ்வொருவராக எடுத்துக்கொள்வோம். கடிதத்தில் எல்லார் நிலையையும் விவரமாக எழுதியிருக்கிறார். மாமியாருக்கு வயது 68, சர்க்கரை உண்டு, மூக்கில் நீர், காய்ச்சல் இல்லை. அவருக்கு முதல் நாளே போட்டிருக்கலாம். ஃப்ளூ வந்தால் நிமோனியாவரை போகக்கூடியவர் அவரே. ஆகையால் அவரைக் காக்கவைப்பதில்தான் ஆபத்து அதிகம். நான்கு நாள் கழித்து இருமலோடு போட்டதில் தவறு ஒன்றும் இல்லை. சளி விட்டபின்னும் இருமல் மூன்று வாரம்வரை இழுக்கும். இருமல் அடியோடு நிற்கட்டும் என்று காத்திருந்தால் மே மாதம் முடிந்துவிடும்.

நாத்தனார் ஐந்து மாதக் கர்ப்பிணி. தொண்டைக் கரகரப்பு, 99.4 டிகிரி. இவருக்கும் போடலாம். 2009ஆம் ஆண்டுப் பன்றிக்காய்ச்சலில் கர்ப்பிணிகள் மற்றவர்களைவிடக் கடுமையாகப் பாதிக்கப்பட்டது உலகெங்கும் காணப்பட்டது. கையில் போடும் ஊசியைக் கர்ப்பத்தின் எந்த மாதத்திலும் போடலாம். தாய்க்கு உண்டாகும் எதிர்ப்புச் சக்தி பிறக்கும் குழந்தைக்கும் முதல் சில மாதம் துணை நிற்கும். ஆறு மாதம் நிறையாத குழந்தைக்கு ஃப்ளூ ஊசி போட முடியாது என்பதால், அந்தக் குழந்தைக்கு இது முக்கியமான வழி. ஆனால் கர்ப்பிணிக்குக் காய்ச்சல் 101 அளவுக்கு ஏறினால், ஊசிப் பேச்சை விட்டுவிட்டு அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

நான்கு வயதுப் பையனுக்கு மூக்கொழுகல், 100 டிகிரி. ஆனாலும் வீட்டைத் தலைகீழாக்கிக்கொண்டிருக்கிறான் என்று சகோதரி எழுதியிருக்கிறார். போடலாம். ஒன்று மட்டும் கேட்டறிய வேண்டும்: முன்பு எப்போதாவது காய்ச்சலின்போது வலிப்பு வந்ததுண்டா? வந்திருந்தால் மருத்துவரிடம் சொல்லி, காய்ச்சல் இல்லாத நாளாகப் பார்த்துப் போட்டுக்கொள்வது வீட்டாருக்கு நிம்மதி.

கணவருக்குத்தான் காத்திருக்க வேண்டும். இரண்டு நாளாக 102 டிகிரி, உடல்வலி; சளி இல்லை. அவர் ஒரு வாரத்துக்கு முன் ஊருக்குப் போய் வயலில் வாய்க்கால் வெட்டிவிட்டு வந்திருக்கிறார். அவருக்கு முதலில் வேண்டியது இரத்தப் பரிசோதனை. வயலில் இறங்கியதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லச் சொல்லுங்கள், கேட்காவிட்டாலும் சொல்லட்டும். காய்ச்சல் விட்டு, மாத்திரையின் உதவியில்லாமல் முழுதாக ஒருநாள் சூடு இல்லாமல் இருந்து, உணவும் நடமாட்டமும் வழக்கத்துக்கு வந்தபின் ஊசி போடலாம். டெங்குவோ எலிக்காய்ச்சலோ என்று தெரிந்தால், சிகிச்சை அளித்த மருத்துவர் சொல்லும் நாளில் போட்டுக்கொள்ள வேண்டும். வந்தது ஃப்ளூதான் என்று தெரிந்தாலும், குணமானபின் ஊசி போடுவதில் பயன் உண்டு. ஒரு வகை ஃப்ளூ வந்து போனால் மற்ற வகைகளிலிருந்து பாதுகாப்புக் கிடைப்பதில்லை. ஊசியிலோ மூன்று அல்லது நான்கு வகைகளுக்கு மருந்து இருக்கிறது.

ஆஸ்துமா உள்ளவர்களைப் பற்றித் தனியே ஒரு வார்த்தை. வெறும் சளியென்றால் போடலாம். இழுப்பு எடுத்திருந்தால் அது தணியும்வரை பொறுக்க வேண்டும். மருத்துவமனையில் சேர்க்கும்படி ஆகிவிட்டால், வீட்டுக்கு அனுப்பும் நாளில் "இப்போதே ஃப்ளூ ஊசி போடலாமா?" என்று கேளுங்கள். பெரும்பாலும் அதுவே நல்ல தருணம். வீடு திரும்பியபின் யாரும் அதை நினைப்பதில்லை.

ஊசி போட்டபின் கால் மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருங்கள். முகம் வீங்குதல், மூச்சுத் திணறல் போன்ற கடுமையான ஒவ்வாமை மிக அரிது. வந்தால் பெரும்பாலும் விரைவிலேயே வந்துவிடும். முன்பு ஃப்ளூ ஊசிக்கு அப்படி வந்தவர்களுக்குச் சளி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த ஊசி ஆகாது. பிறகு வீட்டில் கை வலித்தால், இலேசாகச் சுட்டால், அது ஊசியினால் என்று கொள்ளலாம். இரண்டு நாளைத் தாண்டியும் சூடு இருந்தாலோ, 102க்கு மேல் ஏறினாலோ, அது வேறு நோய் என்றே கருதி மருத்துவரிடம் போங்கள். இருமல், தும்மல், மூக்கொழுகல் ஆகியவற்றைக் கையில் போடும் ஊசி உண்டாக்குவதில்லை. "ஊசி போட்ட மறுநாளே சளி பிடித்துவிட்டது" என்பவருக்கு, அந்தக் கிருமி ஊசிக்கு முன்பே உள்ளே வந்துவிட்டது; சிலருக்கு அது கிளினிக்கின் கூட்டத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்கலாம். சளியோடு போகிறவர்கள் முகக்கவசம் அணிந்து, கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் சற்று விலகி அமர்வது நல்லது.

இந்த ஊசி அரசின் இலவசத் தடுப்பூசித் திட்டத்தில் சேரவில்லை. பெரும்பாலும் காசு கொடுத்தே போட வேண்டியிருக்கிறது. அதனால் சிலர் நகரத்து மருந்துக்கடையில் வாங்கி, பையில் வைத்துப் பஸ்ஸில் எஸ்டேட் லயத்துக்கு எடுத்துச் சென்று, அங்கே உள்ள நர்சிடம் போட்டுக்கொள்ள நினைக்கிறார்கள். மருந்து 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் இருக்க வேண்டும். வெயிலில் சூடேறினாலும், ஐஸ் கட்டியில் நேரடியாகப் பட்டு உறைந்தாலும் கெட்டுவிடும். கெட்டதைப் பார்வையினால் கண்டுபிடிக்க முடியாது. எங்கே குளிர்பெட்டியில் இருக்கிறதோ அங்கேயே போட்டுக்கொள்ளுங்கள். புறப்படும் முன் தொலைபேசியில் இருப்பைக் கேட்டுக்கொண்டு, வீட்டில் யாருக்கு என்ன சளி, எத்தனை டிகிரி என்பதையும் அப்போதே சொல்லிவிட்டால், வீண் அலைச்சல் மிஞ்சும்.

நான்கு வயதுப் பையனுக்கு இது முதல் ஃப்ளூ ஊசி. ஒன்பது வயதுக்குக் குறைந்தவர்களுக்கு முதல் முறை இரண்டு ஊசி வேண்டும். இரண்டுக்கும் நடுவே குறைந்தது நான்கு வாரம் இருக்க வேண்டும். அடுத்த ஊசியின் நாள் ஜூன் மாதத்தில், மழையும் சளியும் தொடங்கியபின் வரும். அன்றைக்கும் மூக்கு ஒழுகிக்கொண்டிருக்கலாம். மேலே சொன்னபடி ஆளைப் பார்த்து, சூட்டை அளந்து முடிவு செய்யுங்கள். நாள் சற்றுத் தவறிப்போனாலும் முதல் ஊசி வீணாவதில்லை. மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுமில்லை. இரண்டாவதை மட்டும் போட்டால் போதும்.